ஏரிக்கரை ஊரில் ஆசிரியர்களுக்கு உயிர்காப்புப் பயிற்சி

தென்னேரி என்னும் ஊரை வாலாஜாபாத் பக்கம் சென்று வந்தவர்கள் அறிவார்கள். திரையனேரி என்ற பழம்பெயரே நாளடைவில் தென்னேரி ஆயிற்று என்பர். பெயருக்கேற்ப அவ்வூரின் வாழ்வு முழுவதும் அந்தப் பேரேரியைச் சுற்றியே அமைந்திருக்கிறது. சுற்றுவட்டாரமெங்கும் தறிச்சத்தம் கேட்கும். அப்பா தறிக்குழியிலும் அம்மா பாவு வேலையிலும் இருக்கும் பகற்பொழுதில் பிள்ளைகளின் பொறுப்பு பள்ளிக்கூடத்தையும் மத்ரஸாவையும் சார்ந்ததாகிவிடுகிறது. மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்து நிற்கும் மாதங்களில், பள்ளி விட்டதும் பிள்ளைகள் எங்கே செல்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தகைய ஊர்களில் ஆசிரியர்களுக்கு உயிர்காப்பு முதலுதவிப் பயிற்சி தரவேண்டும் என்ற எண்ணம் இப்போது பரவி வருகிறது. நல்லதே. ஆனால், வாசகர்களே, இப்பயிற்சி என்ற பெயரில் நடப்பதென்ன? மண்டபத்தில் நூறு பேர் அமர்ந்திருக்க, மேடையில் ஒருவர் ஒரு பொம்மையின் மார்பை அழுத்திக் காட்டுவார். பிறகு பொன்னாடை, புகைப்படம், சான்றிதழ். கலந்துகொண்டவர்களில் ஒருவர் கையும் அந்தப் பொம்மையின் மீது பட்டிருக்காது. நீச்சலைப் படம் பார்த்துக் கற்க இயலாததைப் போலவே இதனையும் கேட்டுக் கற்க இயலாது. பெற்றோர் ஆசிரியர் கழகத்திலோ மஹல்லா ஜமாஅத்திலோ பொறுப்பில் இருப்பவர்கள் இப்படியொரு பயிற்சியை ஏற்பாடு செய்ய முன்வந்தால், அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்.

முதலில் எதைக் கற்பிப்பது என்பதில் தெளிவு வேண்டும். நம் நாட்டின் மயக்கவியல் மருத்துவர்கள் ஒன்றுகூடி அமைத்த இந்திய உயிர்மீட்புக் கழகம், 2017-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்கென ஓர் எளிய முறையை வெளியிட்டது. மயங்கி விழுந்தவர் மூச்சு விடவில்லை என்பதை உடனே அறிதல், மார்பைத் தொடர்ந்து அழுத்துதல், விரைவில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தல் என்ற மூன்றே படிகள் கொண்டது அது. வாயோடு வாய் வைத்து ஊதுவது அதில் இல்லை. ஊதத் தயங்குபவர்கள் ஒன்றும் செய்யாமல் நின்றுவிடுகிறார்கள். அழுத்துவதையாவது செய்யட்டும் என்பதே அதன் நோக்கம். சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடும் பெரியவருக்கு இம்முறை பொருத்தமானதே. அவருடைய இதயம் திடீரென நின்றது. நிற்கும்வரை அவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆகவே அவருடைய இரத்தத்தில் சில நிமிடங்களுக்குப் போதுமான பிராணவாயு மிஞ்சியிருக்கிறது. அதனை மூளைக்கு ஓட்டிவிடுவதற்கு மார்பை அழுத்தினால் போதும்.

ஏரியில் மூழ்கிய பிள்ளையின் நிலை இதற்கு நேர்மாறானது. அங்கே முதலில் நின்றது மூச்சு. இதயம் பிறகுதான் நின்றது. இரத்தத்திலிருந்த பிராணவாயு தீர்ந்து போனதாலேயே இதயம் ஓய்ந்தது. அந்த மார்பை எவ்வளவு அழுத்தினாலும் வெறும் இரத்தமே சுற்றிவரும். ஆகவே மூழ்கியவருக்கு மூச்சும் ஊதியாக வேண்டும். அதையே முதலில் செய்ய வேண்டும். ஜப்பானில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றுபோன பிள்ளைகளைப் பற்றிய பெரிய ஆய்வொன்று 2010-இல் வெளியாயிற்று. இதயநோய் அல்லாத காரணங்களால் அந்நிலைக்கு ஆளான பிள்ளைகளில், அழுத்தத்தோடு மூச்சும் கொடுக்கப்பட்டவர்களுள் 7.2 சதவீதத்தினர் மூளை பாதிப்பு பெரிதும் இன்றிப் பிழைத்தனர். அழுத்தம் மட்டும் பெற்றவர்களுள் அவ்வாறு பிழைத்தவர் 1.6 சதவீதமே. பெரியவர்களுக்கான எளிய முறையை அப்படியே ஏரிக்கரைப் பள்ளியில் கற்பித்துவிட்டு வருவதால் ஏற்படும் குறை இதுதான். பயிற்சி தர வருபவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "மூச்சு ஊதவும் கற்றுத் தருவீர்களா?" என்பதே.

இனி ஏற்பாட்டுக்கு வருவோம். பன்னிரண்டு ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி ஆசிரியர்களோடு மக்தப் உஸ்தாதுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர்களுக்குப் பயிற்றுநர் இருவரும் பொம்மைகள் நான்கும் தேவை. பொம்மை ஒன்றுக்கு மூவர், பயிற்றுநர் ஒருவருக்கு அறுவர். இதற்குமேல் கூட்டம் சேர்த்தால் கைப்பழக்கம் கிடைக்காது. செஞ்சிலுவைச் சங்கக் கிளை, புனித ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பு, மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் துறை ஆகிய இடங்களில் பயிற்றுநரையும் பொம்மைகளையும் கேட்டுப் பெறலாம். பெண் ஆசிரியர்கள் இருந்தால் பெண் பயிற்றுநர் ஒருவரை வேண்டிக் கேட்பது நலம். ஒரு வகுப்பறையின் பெஞ்சுகளை வெளியே எடுத்துவிட்டுப் பாய் விரித்தால் இடம் தயார். சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கினால் பன்னிரண்டரைக்கு, லுஹருக்கு முன், முடித்துவிடலாம். ரமளானில் மட்டும் வைக்க வேண்டாம். இரண்டு நிமிடம் மார்பை அழுத்திப் பார்த்தவர்களுக்கு அதற்கான காரணம் புரியும்.

நான்கு பொம்மைகள் கிடைக்கவில்லை என்பதற்காகப் பயிற்சியை ஒத்திப்போட வேண்டியதில்லை. மூடி இறுக்கிய இரண்டு லிட்டர் காலி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றிப் பழைய சட்டைக்குள் வைத்துக் கட்டினால், அழுத்தினால் அமிழ்ந்து விட்டால் எழும்பும் ஒரு மார்பு கிடைத்துவிடும். கை வைக்கும் இடத்தையும் தாளத்தையும் இதில் பழகலாம். ஆனால் எவ்வளவு ஆழம் அழுத்துகிறோம் என்பதை இது காட்டாது. மூச்சு ஊதவும் இதில் வழியில்லை. ஆதலால் உண்மையான பொம்மை ஒன்றேனும் அறையில் இருக்க வேண்டும். தேர்வு அதில்தான் நடக்க வேண்டும்.

முதல் பதினைந்து நிமிடங்களில் விரிவுரை எதுவும் வேண்டாம். பயிற்றுநர் ஒருமுறை, ஒரு வார்த்தையும் பேசாமல், உண்மையில் நடப்பது போன்ற வேகத்தில் முழுவதையும் செய்து காட்டட்டும். அடுத்தமுறை ஒவ்வொரு செயலையும் விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்யட்டும். மூன்றாம் முறை ஆசிரியர்கள் சொல்லச் சொல்லப் பயிற்றுநர் செய்யட்டும். மூன்றாம் முறையில்தான் யாருக்கு எது விளங்கவில்லை என்பது வெளிப்படும்.

அடுத்த நாற்பது நிமிடங்கள் அழுத்தத்திற்கு உரியவை. விழுந்து கிடப்பவரின் தோளைத் தட்டி உரக்கக் கூப்பிட வேண்டும். பதில் இல்லையெனில் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பத்து நொடிகளுக்கு மிகாமல் பார்க்க வேண்டும். நாடி பிடித்துப் பார்க்கும் வேலை நமக்கு வேண்டாம். பழக்கமில்லாதவர் விரலுக்கு அது அகப்படுவதில்லை, நேரமும் வீணாகும். இவ்விடத்தில் பலரும் ஏமாறுகின்ற ஒன்று உண்டு. இதயம் நின்ற சில நிமிடங்களுக்கு, கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பது போல, விட்டு விட்டு ஏங்கி இழுக்கும் மூச்சு ஒன்று வரக்கூடும். "மூச்சு இருக்கிறது" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். அது மூச்சன்று. அதனைக் கண்டால் மூச்சில்லை என்றே கொண்டு அழுத்தத் தொடங்க வேண்டும். பயிற்றுநர் இந்த இழுப்பைத் தாமே நடித்துக் காட்ட வேண்டும். சொற்களால் விளக்கினால் பதியாது.

மார்பின் நடுவே, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மற்றொரு கையை அதன்மீது கோத்து, முழங்கை மடங்காமல், தோள் நேர்மேலே இருக்குமாறு குனிந்து அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம். ஆறைத் தாண்டக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மார்புக் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர். சிறு பிள்ளைக்கு ஒரு கையே போதும். வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை. இதனைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு: முப்பது அழுத்தங்கள் பதினைந்திலிருந்து பதினெட்டு நொடிகளுக்குள் முடிய வேண்டும். நொடிமுள் உள்ள சாதாரணக் கைக்கடிகாரமே இங்கு பரீட்சை அதிகாரி. பன்னிரண்டு நொடியில் முடித்தவர் பதறுகிறார். அவருடைய அழுத்தம் மேலோட்டமாகவே இருக்கும். இருபத்தைந்து நொடி எடுத்தவர் அஞ்சுகிறார்.

வேகத்தைவிட அதிகம் தவறுவது ஒன்றுண்டு: அழுத்திய கையை முழுவதும் தளர்த்தாமல் மார்பின்மீது சாய்ந்தபடியே இருப்பது. மார்பு பழைய உயரத்துக்கு எழும்பினால்தான் இதயத்துக்குள் இரத்தம் மீண்டும் நிறையும். பொம்மைக்கு அருகில் தலை தாழ்த்தி அமர்ந்து பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இத்தவறு தெரிந்துவிடும். எனவே மூவர் குழுவில் ஒருவர் அழுத்த, இரண்டாமவர் கடிகாரம் பார்க்க, மூன்றாமவர் மார்பு எழும்புவதைப் பார்க்கட்டும். இரண்டு நிமிடம் முடிந்ததும் இடம் மாற வேண்டும். ஒவ்வொருவருக்கும் மும்முறை வாய்ப்புக் கிடைக்க வேண்டும். இரண்டாம் முறையில் கை சோர்வதை அவர்களே உணர்வார்கள். உண்மை நிகழ்விலும் இரண்டு நிமிடத்திற்கொருமுறை ஆள் மாற வேண்டியதன் காரணத்தை வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்து முப்பத்தைந்து நிமிடங்கள் மூச்சுக்கு. நெற்றியில் ஒரு கையை வைத்துத் தலையைப் பின்னே சாய்த்து, மோவாயை மற்றொரு கை விரல்களால் உயர்த்தினால், தொண்டையை அடைத்திருக்கும் நாக்கு விலகி வழி திறக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை முழுவதும் மூடுமாறு வாய் வைத்து, ஒரு நொடி நேரம் ஊத வேண்டும். மார்பு சற்றே உயர்ந்தால் போதும். பலமாக ஊதுவது உதவியன்று. காற்று வயிற்றுக்குள் புகுந்து வாந்தியை வரவழைக்கும். மார்பு உயரவில்லையானால் தலையின் சாய்வு சரியில்லை என்று பொருள். திருத்திவிட்டு மீண்டும் ஊத வேண்டும். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று மாறி மாறித் தொடர வேண்டும். இரண்டு மூச்சுக்காக அழுத்தத்தை நிறுத்தும் நேரம் பத்து நொடியைத் தாண்டலாகாது. பொம்மையின் முகத்தை ஒவ்வொருவருக்குப் பின்னும் ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைத்து உலரவிட வேண்டும். ஒருவழி வால்வு உள்ள முகத்திரையை ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால் அருவருப்பு நீங்கும்.

இங்கே நம்மவர்களிடையே எழும் ஒரு தயக்கத்தையும் பேசிவிடுவது நல்லது. அந்நியப் பெண்ணை ஓர் ஆண் தொடலாமா, மார்பில் கை வைக்கலாமா என்று கேட்கிறார்கள். இத்தயக்கம் நம்மிடம் மட்டும் உள்ளதன்று. பொதுவிடத்தில் விழும் பெண்களுக்கு இந்த உதவி ஆண்களைவிடக் குறைவாகவே கிடைக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வுகளும் காட்டியுள்ளன. உயிர் போகும் நிர்ப்பந்தத்தில், தேவையான அளவுக்கு, சாதாரண வேளையில் விலக்கப்பட்டது ஆகுமாகிவிடும் என்பது ஃபிக்ஹு கலையில் நிலைபெற்ற அடிப்படை. பெண் ஒருவர் அருகில் இருந்து, இந்தப் பயிற்சியும் பெற்றிருந்தால் அவர் செய்யட்டும். இல்லையெனில் இருப்பவர் செய்ய வேண்டும். அழுத்துவதற்குத் துப்பட்டாவையோ மேலாடையையோ அகற்ற வேண்டிய அவசியமும் இல்லை. ஊர் இமாம் ஐந்து நிமிடம் வந்து இதனைச் சொல்லிவிட்டுப் போனால் பயிற்றுநருக்குப் பாதி வேலை குறையும்.

தேநீருக்குப் பதினைந்து நிமிடம். அதன்பின் அரை மணி நேரம் ஏரிக்கரை ஒத்திகை. இது வகுப்பறைக்குள்ளேயே நடக்கலாம். ஒரு நிகழ்வைக் கற்பனை செய்துகொள்வோம். மாலை நாலரை மணி. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் மதகுப் பக்கம் மூழ்கினான். மற்றப் பிள்ளைகள் ஓடிவந்து ஆசிரியையிடம் சொல்கிறார்கள். ஆசிரியை நீந்தத் தெரியாதவர். அவர் இறங்கக் கூடாது. இறங்கினால் ஓர் உயிருக்கு இரண்டு உயிர் போகும். மூங்கிற்கழியை நீட்டலாம், கயிற்றை எறியலாம், மூடி இறுக்கிய காலி எண்ணெய்க் கேனைக் கயிற்றில் கட்டி வீசலாம். துப்பட்டாக்கள் இரண்டை முடிந்தாலும் கயிறாகும். அதற்குள் நீந்தத் தெரிந்தவர் வந்து பையனைக் கரையேற்றுகிறார். பேச்சில்லை, மூச்சில்லை.

இப்போதுதான் கூட்டத்தின் யோசனைகள் தொடங்கும். தலைகீழாகத் தூக்கு, தலைமேல் வைத்துச் சுற்று, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடு என்பார்கள். இவை யாவும் தவறு. வயிற்றை அமுக்கினால் வருவது பெரும்பாலும் வயிற்றிலிருந்த நீரும் உணவுமே; அவை மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும். நுரையீரலில் உள்ள நீரை வெளியேற்றக் காத்திராமல், அதன்மீதே மூச்சை ஊத வேண்டும். ஒத்திகையில் இரண்டு ஆசிரியர்கள் இக்கூட்டமாக நடித்து உரக்கக் குறுக்கிடட்டும். குறுக்கீட்டைப் பொருட்படுத்தாமல் கையைத் தொடர்வதும் பழக வேண்டிய ஒன்றே.

மல்லாக்கக் கிடத்தியதும் முதலில் மூச்சு. அமெரிக்க வழிமுறை இரண்டு மூச்சில் தொடங்கச் சொல்கிறது; ஐரோப்பிய வழிமுறை ஐந்து என்கிறது. எதுவும் தவறன்று. ஒரே வகுப்பில் இரண்டையும் கற்பித்துக் குழப்புவதுதான் தவறு. பயிற்றுநர் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். பிறகு முப்பது, இரண்டு, முப்பது, இரண்டு. வாந்தி வந்தால் உடலை ஒருக்களித்துத் திருப்பி வாயைத் துடைத்துவிட்டுத் தொடர வேண்டும். இதற்கிடையே 108-க்கு அழைப்பது யார்? "யாராவது போன் செய்யுங்கள்" என்றால் எவரும் செய்யமாட்டார். ஒருவரைச் சுட்டிக்காட்டி, "நீங்கள் 108-ஐ அழையுங்கள், தென்னேரி, ஏரி மதகு, பையன் மூழ்கிவிட்டான், மூச்சில்லை என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு என்னிடம் வாருங்கள்" என்று ஏவ வேண்டும். இன்னொருவரைச் சாலை முனையில் நிறுத்தி வண்டிக்கு வழிகாட்டச் சொல்ல வேண்டும். தனியே இருப்பவர் கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் வேலையைத் தொடரலாம். கைப்பேசியும் இல்லை, ஆளும் இல்லையெனில், மூழ்கிய பிள்ளைக்கு இரண்டு நிமிடம் இவற்றைச் செய்துவிட்டே உதவி தேடப் போக வேண்டும்.

பையன் இருமி, அழுது எழுந்துவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. சில மணி நேரம் கழித்தும் நுரையீரல் பாதிப்பு வெளிப்படலாம். மருத்துவமனைக்கு அனுப்பியே தீர வேண்டும்.

தொண்டையில் அடைத்துக்கொள்வதற்குப் பதினைந்து நிமிடம் போதும். பேசவோ இருமவோ முடியாமல் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளையை முன்னே குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஐந்து தட்டு. போகவில்லையென்றால் பின்னின்று தொப்புளுக்கு மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து இழுப்பு. இரண்டையும் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்று இழுப்பு கூடாது. பயிற்சியில் ஒருவர் வயிற்றை ஒருவர் உண்மையாக இழுத்துப் பார்ப்பதும் கூடாது. கை வைக்கும் இடத்தைக் காட்டினால் போதும்.

கடைசி அரைமணி தேர்வுக்கு. எழுத்துத் தேர்வு வேண்டாம். "நிமிடத்திற்கு எத்தனை?" என்ற கேள்விக்கு 120 என்று எழுதியவரின் கை எழுபதே அழுத்துவதைப் பயிற்றுநர்கள் நன்கறிவர். ஆளுக்கு மூன்று நிமிடம் செயல், இரண்டு நிமிடம் திருத்தம். பயிற்றுநர் இருவர் ஆளுக்கு அறுவரைப் பார்த்தால் அரைமணியில் முடிந்துவிடும். பயிற்றுநர் கையில் ஒரு சிறு சீட்டு. அதில் எட்டுக் கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறிக்க வேண்டும். இடம் ஆபத்தற்றதா என்று பார்த்தாரா? தட்டிக் கூப்பிட்டாரா? பத்து நொடிக்குள் மூச்சைப் பார்த்து முடிவு செய்தாரா? ஒருவரைச் சுட்டி, ஊரும் இடமும் சொல்லி 108-க்கு அனுப்பினாரா? கை சரியான இடத்தில் இருந்ததா? முப்பது அழுத்தம் பதினைந்து முதல் பதினெட்டு நொடிக்குள் ஆயிற்றா? ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுவதும் எழும்பியதா? ஊதியபோது பொம்மையின் மார்பு உயர்ந்ததா?

இவற்றுள் மூச்சைக் கண்டறிவது, கையின் இடம், வேகம், மார்பு உயர ஊதுவது ஆகிய நான்கில் ஒன்று தவறினாலும் தேர்ச்சி இல்லை. மற்றவற்றில் ஒன்று விடுபட்டால் வாயால் திருத்தினால் போதும். தவறியவரை வெட்கப்படுத்தாமல், அன்றே மூலையில் உள்ள பொம்மையில் பத்து நிமிடம் பழகவிட்டு மறுமுறை பார்க்க வேண்டும். அன்றும் முடியாதவருக்குச் சான்றிதழ் கொடுக்கலாகாது. ஊர்ப் பெரியவரின் மகனாயிற்றே, தலைமையாசிரியராயிற்றே என்ற தாட்சண்யம் இங்கே செல்லாது. முட்டிவலியால் தரையில் அமர முடியாத மூத்த ஆசிரியர்களுக்கு வேறு வேலை உண்டு: 108-க்கு அழைப்பதும், கூட்டத்தை விலக்குவதும், நொடி எண்ணுவதும் அவர்கள் செய்யலாம்.

டென்மார்க் நாட்டின் அனுபவம் இங்கே கவனிக்கத்தக்கது. 2005-இல் அந்நாடு பள்ளி மாணவர்களுக்கு இப்பயிற்சியைச் சட்டமாக்கியது. வேறு பல ஏற்பாடுகளும் உடன் நடந்தன. 2001-இல் அங்கே இதயம் நின்று விழுந்தவர்களில் 21.1 சதவீதத்தினருக்கே அருகிலிருந்தோர் உதவினர். 2010-இல் அது 44.9 ஆயிற்று. முப்பது நாள் உயிரோடிருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8-ஆக உயர்ந்தனர். ஆயினும், சட்டம் வந்து ஆண்டுகள் பல சென்ற பின்னும் அங்கே பெரும்பாலான பள்ளிகளில் பயிற்சி முறையாக நடக்கவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது. தம்மால் கற்பிக்க இயலும் என்ற துணிவு ஆசிரியருக்கு இருந்த பள்ளிகளில் அது கூடுதலாக நடந்தது.

அத்துணிவு மூன்று மணி நேரத்தில் வந்தாலும், அப்படியே நிலைத்திருப்பதில்லை. மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் கைத்திறன் தேயத் தொடங்கும். எனவே பொம்மை ஒன்று, அல்லது பாட்டிலும் சட்டையும் கட்டிய அந்தப் போலி மார்பாவது, பள்ளியின் ஓய்வறையில் நிரந்தரமாக இருக்கட்டும். மூன்று மாதத்திற்கொருமுறை ஆசிரியர் கூட்டம் நடக்கும் நாளில், ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு, அந்த எட்டுக் கேள்விச் சீட்டை ஒருவருக்கொருவர் நிரப்பிவிட்டுக் கலையலாம். முதற்சுற்றை ஏரி நிறையும் ஐப்பசி, கார்த்திகைக்கு முன்பே வைத்துக்கொள்ள வேண்டும். அதே வாரத்தில் பள்ளிவாசல் திண்ணையிலும் மதகின் அருகிலும் ஒரு கயிறும், மூடியிட்ட காலிக் கேனும், நீண்ட கழியொன்றும் வைப்பதை ஜமாஅத்தார் ஏற்றுக்கொள்ளலாம். அவற்றை யாரும் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிப்பதும் அவர்கள் பொறுப்பே.